மாமாவின் நண்பருக்கு ஒரு ரூம்

ஆன்டோ நல்லவன். அதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது, அவன் மனைவி மேரி ஷாலினிக்குக்கூட. ஆனால் அவனிடம் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டுமென்றால் நேராகச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். சிதம்பரம் மேல வீதியில் ரத்தப் பரிசோதனை லேப் வைத்திருக்கிறான். டாக்டர் சீட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதைப் பார்ப்பான், எழுதாததைப் பார்க்க மாட்டான். தொழிலுக்கு அது நல்ல குணம்தான். அதையே வீட்டுக்கும் எடுத்து வந்ததில்தான் வம்பு.

அவனுடைய மாமனார் ஞானராஜ், கடலூர் முதுநகர்க்காரர். மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ‘தானே’ என்ற புயல் அடித்து மாவட்டமே இருட்டில் கிடந்தபோது, சாய்ந்த கம்பங்களோடு மல்லுக்கட்டிக்கொண்டு இருபது நாள் வீட்டுப் பக்கமே எட்டிப் பார்க்காத மனிதர். பென்ஷன் வருகிறது, சொந்த வீடு இருக்கிறது. மனைவி சவரிமேரி மட்டும் இல்லை. போய் எட்டு மாதம் ஆகிறது. ஷாலினி ஒரே பெண்.

மனைவி போனதிலிருந்து ஞானராஜ் இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை சிதம்பரத்துக்கு வந்துகொண்டிருந்தார். மகளைப் பார்க்க வந்தேன் என்று ஒருநாளும் சொன்னதில்லை. ஒருதரம் நெத்திலிக் கருவாடு நல்லதாகக் கிடைத்தது, கொடுத்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன் என்றார். இன்னொரு தரம், உங்கள் வீட்டு கரண்ட் லைனில் எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வந்தேன் என்றார். அண்ணாமலை நகரில் ஒரு பழைய சிநேகிதரைப் பார்த்துவிட்டு அப்படியே எட்டிப் பார்த்ததாக மற்றொரு தரம். அந்தச் சிநேகிதர் இரண்டு வருடம் முன்பே மகனோடு கோயம்புத்தூர் போய்விட்டார் என்பது ஷாலினிக்குத் தெரியும். அவள் எதுவும் கேட்கவில்லை. மத்தியானம் சாப்பிடுவார், நாலு மணி பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவார். ஒரு ராத்திரிகூடத் தங்கியதில்லை. பெண்ணைக் கொடுத்த வீட்டில் அப்பன் படுத்து எழுந்தால் கௌரவக் குறைச்சல் என்று வளர்ந்த தலைமுறை. தங்கிவிட்டுப் போங்கள் என்று மகள் சொன்னால் போதாது. அந்த வார்த்தை மாப்பிள்ளை வாயிலிருந்து வர வேண்டும், அதுவும் தானாக வர வேண்டும்.

நவம்பர் முதல் சனிக்கிழமை. சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்த ஞானராஜ், முதலில் மழையைப் பற்றிப் பேசினார். ஆலப்பாக்கம் பக்கம் ரோட்டில் தண்ணீர் நிற்பதைப் பற்றிச் சொன்னார். ஆன்டோவின் அப்பாவுக்கு முட்டி வலி எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மாப்ள, இங்கெல்லாம் வாடகைக்கு ரூம் கெடைக்குதுங்களா?"

"யாருக்கு மாமா?"

"நமக்குத் தெரிஞ்ச ஒருத்தரு. எங்கூட ஈ.பி.ல இருந்தவரு. சம்சாரம் தவறிட்டாங்க. சிதம்பரம் பக்கமா வந்துடலாமான்னு ஒரு யோசன. அவசரம்லாம் இல்ல. சும்மா கேட்டு வச்சிக்கலாம்னு."

சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ஷாலினி குழாயை நிறுத்திவிட்டு அப்படியே நின்றாள்.

ஆன்டோவுக்கு உதவி என்றால் உற்சாகம். சட்டைப் பையிலிருந்து லேப் சீட்டுக் கட்டை எடுத்தான், பேனாவைத் திறந்தான். "சொல்லுங்க மாமா. அவுருக்கு எந்த மாதிரி வேணும்?"

ஞானராஜ் ஒரு கணம் திகைத்துத்தான் போனார். கதவு திறக்குமா என்று மெல்லத் தட்டிப் பார்க்க வந்தவரிடம் கதவின் நீள அகலம் கேட்டால் என்ன செய்வார்? கேட்டுவிட்டானே என்பதற்காகச் சொன்னார். "மாடி வேணாம். முட்டி ஒத்துக்காது. கோயிலுக்கு நடந்து போற தூரமா இருந்தா நல்லது, பூச தவறாதவரு. சாப்பாட்டுக்குப் பெருசா ஒண்ணும் வேணாம், ரெண்டு இட்லி போதும். அப்புறம்..." கொஞ்சம் நிறுத்தினார். "ஒரு கொரல் குடுத்தா காதுல விழுற தூரத்துல யாராச்சும் மனுசங்க இருந்தாப் போதும்ங்கறாரு."

எல்லாவற்றையும் ஒன்று விடாமல் எழுதிக்கொண்டான் ஆன்டோ.

கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே ஞானராஜ் இன்னொரு தரம் தட்டிப் பார்த்தார். "அந்தப் பின்னாடி ரூமு, பழைய சாமான்லாம் போட்டு வச்சிருக்கீங்களே. காத்தோட்டமா இருக்கும்போல."

"ஆமா மாமா. ஆனா கொசு ஜாஸ்தி" என்றான் ஆன்டோ.

சாயங்காலம் டீ குடிக்கும்போது ஷாலினி தன் பங்குக்கு ஆரம்பித்தாள். "அப்பா எளச்சிட்டாருல்ல?"

"ஆமா, பாத்தேன். அடுத்த தடவ வெறும் வயித்துல வரச்சொல்லு. தைராய்டு, சுகர் எல்லாம் பாத்துடலாம்."

அவள் பொறுமையாக வேறு பக்கம் சுற்றி வந்தாள். "எங்க ஸ்கூல் எழிலரசி டீச்சர் இருக்காங்கல்ல, அவுங்க அப்பாவக் கூட்டியாந்து கூடவே வச்சிக்கிட்டாங்களாம். அவுங்க வீட்டுக்காரருதான் போய்க் கூட்டியாந்தாராம்."

"அப்படியா? நல்ல விஷயம்" என்று சொல்லிவிட்டு பிஸ்கட்டை டீயில் நனைத்தான் நம் ஆள்.

ஷாலினி அதற்கு மேல் சொல்லவில்லை. சொல்லத் தெரியாமல் இல்லை. அவளாகக் கேட்டு அவன் சரி என்று தலையாட்டினால், அப்பா மகளின் தயவில் வந்தவர் ஆகிவிடுவார். நாளைக்கு ஏதாவது மனக்கசப்பு வந்தால், நீ சொல்லித்தானே என்று ஒரு பேச்சு வரும். ஆன்டோ அப்படிச் சொல்கிறவன் இல்லை. ஆனாலும் அப்படி ஒரு சொல்லுக்கு இடமே வைக்கக் கூடாது என்று அவள் நினைத்தாள்.

ஆன்டோ மூன்றே நாளில் ரூமைப் பிடித்துவிட்டான். தெற்கு வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், தரைத்தளம். பக்கத்திலேயே மெஸ், சர்ச்சுக்குப் பத்து நிமிஷ நடை, எதிர் வீட்டில் ஆள் இருக்கிறார்கள். சீட்டில் எழுதியது ஒன்று பாக்கியில்லை. சந்தோஷமாக மாமனாருக்குப் போன் போட்டான்.

"மாமா, உங்க ஃப்ரெண்டுக்கு ரூம் ரெடி. ஓனர்கிட்ட நானே பேசி முடிச்சிட்டேன். எப்ப வேணா வரலாம்."

"ரொம்ப சந்தோஷம் மாப்ள. உங்களுக்குத்தான் எவ்ளோ சிரமம். சொல்லிடறேன் அவருகிட்ட."

போனை வைத்த ஞானராஜ் வெகுநேரம் நாற்காலியை விட்டு எழவில்லை. அவர் கணக்குப்படி மாப்பிள்ளை எல்லாவற்றையும் புரிந்துகொண்டுவிட்டார். புரிந்துகொண்டு, எங்கள் வீட்டில் வேண்டாம் மாமா, இதோ பக்கத்திலேயே ஒரு இடம் என்று, மனம் நோகாமல், மரியாதையாகப் பதில் சொல்லிவிட்டார். கோபப்படக்கூட வழியில்லை. இதற்காகத்தானே நண்பர் ஒருவரைக் கற்பனை செய்து நடுவில் நிறுத்துகிறோம்? இல்லை என்று வந்தால் அது அந்த நண்பருக்குத்தான் இல்லை. கேட்டவர் கேட்டதாக ஆகாது, மறுத்தவர் மறுத்ததாகவும் ஆகாது. அடுத்த சனிக்கிழமை இரண்டு பேரும் முகம் பார்த்துச் சாப்பிடலாம். மாமா செய்த ஏற்பாடு அவ்வளவு கச்சிதமாக வேலை செய்தது, ஒரே ஒரு குறை, எதிரில் இருந்தவனுக்கு அப்படி ஒரு ஏற்பாடு இருப்பதே தெரியாது.

அடுத்த முறை வர வேண்டிய சனிக்கிழமை அவர் வரவில்லை. மழை என்றார். அடுத்த வாரமாவது வாருங்கள் என்று ஷாலினி கூப்பிட்டதற்கு, சளி என்றார்.

வீட்டில் ஷாலினி மரியாதையாகப் பேச ஆரம்பித்தாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து ஆன்டோ, வா, போ என்றுதான் பேச்சு. இப்போது, "சாம்பார் போதுங்களா?", "சட்டை அயர்ன் பண்ணி வச்சிருக்கேங்க." ஆன்டோவுக்கு ஒன்றும் புரியவில்லை. உடம்பு சரியில்லையா என்று கேட்டான். "எனக்கென்னங்க, நல்லாத்தான் இருக்கேன்" என்றாள். மனிதன் அதையும் நம்பினான்.

நவம்பர் கடைசி வாரம், ஒரு சனிக்கிழமை காலை. மழை தூறிக்கொண்டிருந்தது. லேப்பில் அவனும் ரிசப்ஷனில் உட்காரும் பவானியும்தான். ஐம்பத்தைந்து வயது இருக்கும், ஒரு அம்மா உள்ளே வந்தார்.

"லேப்பு எத்தன மணி வரைக்கும் தெறந்திருக்கும் சாமி?"

"எட்டு மணி வரைக்கும்மா" என்றான் ஆன்டோ.

அந்த அம்மா தலையாட்டினார், ஆனால் போகவில்லை. "இந்தப் பக்கம் டவுன் பஸ்ஸு நிக்குமா?"

"அந்த முனையில நிக்கும்."

அதற்கும் தலையாட்டிவிட்டு நின்றார். பவானி கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்கினாள். "ஒக்காருங்கம்மா. நனஞ்சிட்டீங்களே. எங்கேருந்து வர்றீங்க?"

ஊர்ப் பேரைச் சொன்னார், தன் பேர் விருத்தாம்பாள் என்று சொன்னார். நெல் வயலில் தண்ணீர் நிற்பதைச் சொன்னார். பவானி எல்லாவற்றுக்கும் உம் கொட்டினாள். பிறகுதான் அந்த அம்மா குரலைத் தாழ்த்தினார். "எங்க தெருவுல ஒரு பொம்பள. கால்ல புண்ணு வந்து ரெண்டு மாசமா ஆறவே மாட்டேங்குது. அதுக்கு இங்க ஏதாச்சும் பாப்பாங்களான்னு கேக்கச் சொன்னா."

"அவுங்களையே வரச்சொல்லுங்கம்மா. ஆளு இல்லாம எப்படிப் பாக்கறது?" என்றான் ஆன்டோ.

"சரி சாமி. சொல்றேன்." அந்த அம்மா எழுந்துவிட்டார்.

பவானி அவனை ஒரு பார்வை பார்த்தாள். முதலாளியை அப்படிப் பார்க்கக் கூடாது, ஆனாலும் பார்த்தாள். "இருங்கம்மா, மழ விடட்டும். அதுக்கு சக்கர டெஸ்ட்டு பாப்பாங்க. வெறும் வயித்துல வரணும். நீங்க காலையில சாப்டாச்சா?"

"இல்லம்மா. இன்னும் ஒண்ணும் சாப்புடல."

"அப்ப நல்லதாப் போச்சு. வந்தது வந்தீங்க, உங்களுக்கு ஒண்ணு பாத்துடலாமே. எப்படி எடுக்கறாங்கன்னு நீங்க பாத்துட்டுப் போனா, அவுங்களுக்கு நாலு வார்த்த தைரியம் சொல்லலாம்ல?"

"அதுவும் சரிதாம்மா." பவானி சொல்லி முடிப்பதற்குள் அந்த அம்மா வளையலை மேலே தள்ளிக் கையை நீட்டியாகிவிட்டது.

ரத்தம் எடுக்கக் குனிந்தபோதுதான் ஆன்டோ பார்த்தான். சேலைக் கரைக்குக் கீழே இடது காலில் பழைய துணி ஒன்று சுற்றியிருந்தது. அவன் ஒன்றும் கேட்கவில்லை. அவன் வாழ்க்கையில் வாயை மூடிக்கொண்ட முதல் நல்ல தருணம் அது.

ரிப்போர்ட்டைக் காட்ட எந்த டாக்டரிடம் போவது என்று பவானி எழுதிக் கொடுத்து, அந்த அம்மா படி இறங்கியதும் அவன் கேட்டான். "அவுங்களுக்குத்தான்னு எப்படிக் கண்டுபுடிச்ச?"

"இதுல என்ன சார் கண்டுபுடிக்க இருக்குது? பஸ்ஸு எங்க நிக்கும்னு கேக்க வர்றவங்க செருப்ப வெளிய கழட்டி விட்டுட்டா உள்ள வருவாங்க? தெருவுல இருக்கற எவளோ ஒருத்திக்காக மழையில, வெறும் வயித்தோட யாரு சார் வருவா?" பவானி சிரித்தாள். "கேட்டதுக்குப் பதில் சொன்ன பெறகும் ஒருத்தரு நவுராம நிக்கறாங்கன்னா, அவுங்க கேக்க வந்தது அது இல்ல."

"நேராவே சொல்லலாம்ல?"

"சொல்லி, நீங்க 'முடியாது போ'ன்னுட்டா? அந்தம்மா அப்புறம் இந்த வீதியிலயே நடக்காது. தெருவுல இருக்கறவளுக்குன்னா, இல்லன்னு சொன்னாலும் சரின்னு கெளம்பிடலாம். நானும் அதனாலதான் கடசி வரைக்கும் அந்தத் தெருக்காரிய விடவே இல்ல."

ஆன்டோ சிரித்தான். சிரித்துக்கொண்டே இருந்தவன் நிறுத்தினான். மேஜை டிராயரைத் திறந்து மூன்று வாரத்துச் சீட்டுகளைப் புரட்டினான். அவன் கையெழுத்திலேயே இருந்தது. மாடி வேண்டாம், முட்டி. சர்ச் பக்கம். இரண்டு இட்லி. குரல் கொடுத்தால் கேட்கும் தூரத்தில் மனிதர்கள். மேலே, பெயர், வயது என்று அச்சடித்த இடம் காலியாகக் கிடந்தது. பெயர் எழுதாமல் ஒரு சொட்டு ரத்தம் எடுக்காதவன், அந்த நண்பரின் பெயரைக் கேட்கவே இல்லை. மாமாவும் சொல்லவில்லை.

"கொசு ஜாஸ்தின்னு சொன்னேனே" என்று வாய்விட்டே சொன்னான். பவானிக்கு விளங்கவில்லை. அவனுக்கு அவமானத்தில் காது சுட்டது.

லேப்பை அவள் பொறுப்பில் விட்டுவிட்டு மேம்பாலம் தாண்டி வீட்டுக்கு வண்டியை விரட்டினான். ஷாலினி துணி மடித்துக்கொண்டிருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டான். "உங்கப்பா கேட்டது அவருக்குத்தானா?"

அவள் கையிலிருந்த துண்டு அப்படியே நின்றது. "ஏங்க, தெரியாமத்தான் ரூம் பாத்துக் குடுத்தீங்களா?"

"சத்தியமா தெரியாது ஷாலு."

கொஞ்ச நேரம் அவன் முகத்தையே பார்த்தாள். பொய் சொல்கிற முகம் இல்லை அது, அந்த அளவுக்கு அதற்குச் சாமர்த்தியமும் கிடையாது. "கடவுளே. நீ தெரிஞ்சுதான் வேணாம்னு சொல்லிட்டன்னு நெனச்சேன். அப்பாவும் அப்படித்தான் நெனச்சிக்கிட்டிருக்காரு." உட்கார்ந்து அழுதாள். "சிஸ்டர்ஸ் நடத்தற முதியோர் இல்லத்துல ஃபாரம் வாங்கிட்டாரு. டிசம்பர் ஒண்ணாந்தேதி சேர்றாராம். அங்க எல்லாம் வசதியா இருக்குது, நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்கன்னு என்கிட்டயே சொல்றாரு."

ஒன்றாம் தேதிக்கு நாலு நாள்தான் இருந்தது.

"இப்பவே போன் பண்றேன். வந்துடுங்க மாமான்னு சொல்றேன்."

"வேணாம். நீ அப்படிக் கூப்ட்டா அவரு வரமாட்டாரு. நான் அழுததப் பாத்துப் பரிதாபப்பட்டுக் கூப்டறன்னு நெனப்பாரு. அவரு நம்மளக் கேட்ட மாதிரியே இருக்கக் கூடாது, ஆன்டோ. நமக்கு அவரு வேணும்."

அவள் மறுபடி ஆன்டோ என்று கூப்பிட்டதை அவன் கவனித்தான். அந்த அளவுக்குத் தேறியிருந்தான்.

மறுநாள் ஞாயிறு. காலைப் பூசை முடிந்து வீட்டுக்கு வந்துவிடுவார் என்று கணக்குப் பண்ணி பஸ் ஏறினான். வழி நெடுகப் பேச வேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனான். புதுச்சத்திரம் தாண்டுவதற்குள் எல்லாம் மறந்துவிட்டது.

முதுநகரில் மாமனார் வீட்டு கேட்டில் கை வைத்தபோது பக்கத்து வீட்டு ஜான்சி அக்கா பார்த்துவிட்டார். "வாங்க தம்பி. மாமாவுக்கு இடுப்பு இப்பப் பரவால்லைங்களா?"

"இடுப்பா?"

"உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்." ஜான்சி அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டார். யாரிடமும் சொல்லாதே என்று ஞானராஜ் வாங்கிய சத்தியத்தை, தெரிந்தவனிடம் விசாரிப்பது போல உடைத்துவிட்டார். "போன மாசம் பாத்ரூம்ல வழுக்கி வுழுந்துட்டாரே. ஒன்றர மணி நேரம் கூப்ட்டுக்கிட்டே இருந்திருக்காரு. எங்க வீட்ல டிவி ஓடுது, எனக்குக் கேக்கல. அத நெனச்சா இன்னும் எனக்கு ஆறல தம்பி."

ஆன்டோ கணக்குப் போட்டுப் பார்த்தான். ஒன்றரை மணி நேரம். அதற்குப் பிறகுதான் அந்த மனிதர் பஸ் ஏறி வந்து, மழையைப் பற்றிப் பேசி, முட்டி வலியை விசாரித்து, அவசரம் இல்லை என்று சொல்லி ரூம் கேட்டிருக்கிறார். கம்பத்தின் உச்சியில் ஏறி நின்ற ஆளுக்கு, பயமாக இருக்கிறது என்ற ஒரு வார்த்தை மட்டும் வாயில் வராமல் போயிருக்கிறது.

"வாங்க மாப்ள, வாங்க. என்ன இவ்ளோ தூரம்?" ஞானராஜ் பதற்றமாகத்தான் எழுந்தார். மேஜையில் ஃபாரமும் இரண்டு பாஸ்போர்ட் போட்டோவும் இருந்தன. செய்தித்தாளை எடுத்து அதன் மேல் போட்டார்.

"சும்மாதான் மாமா. இந்தப் பக்கம் ஒரு வேல."

சும்மா என்ற சொல்லை அவன் அந்த மாதிரி உபயோகித்தது அதுதான் முதல் தடவை. ஞானராஜ் அவனை நிமிர்ந்து பார்த்தார். அடுத்த அரைமணி நேரம் மழை பேசினார்கள். துறைமுகத்தில் ஏற்றிய புயல் கூண்டு, வஞ்சிரம் விலை, லேப்புக்கு வரும் காய்ச்சல் கூட்டம். ஆன்டோவுக்கு இது ஆழம் தெரியாமல் ஆற்றில் இறங்குவது போல இருந்தது. மாமனாருக்கோ இது பழகிய வீதி. மாப்பிள்ளை என்னவோ சுமந்துகொண்டு வந்திருக்கிறார் என்று மூன்றாவது நிமிஷமே அவருக்குத் தெரிந்துவிட்டது, இறக்கி வைக்க இடம் கொடுத்தார்.

"வீட்ல எல்லாம் சௌகரியந்தானுங்களே?"

"இருக்குது மாமா. ஒரு சின்ன சங்கடம்." டம்ளரைக் கீழே வைத்தான். "காய்ச்ச சீசனு, நான் அஞ்சரைக்கே லேப்புக்குக் கெளம்பிடறேன். ஷாலினி எட்டரை வரைக்கும் தனியா இருக்கா. கரெண்டு வேற போயிடுது. வழுக்கி வுழுந்து கூப்ட்டாக்கூட கேக்க ஆளு இல்ல. எனக்கு பயமா இருக்குது மாமா."

யாருடைய பயம் அது என்று இரண்டு பேருக்குமே தெரிந்திருந்தது. அதை மாப்பிள்ளை தன்னுடையதென்று எடுத்துக்கொண்டு வந்திருக்கிறான்.

"நீங்க ஒரு மாசம், ரெண்டு மாசம் வந்து இருந்தீங்கன்னா எனக்கு நிம்மதி."

"அதெப்படி மாப்ள. பொண்ணு வீட்ல வந்து குந்திக்கிட்டான்னு நாலு பேரு பேசுவாங்க."

"நான்தான மாமா கூப்டறேன்."

"பாக்கலாம். இந்த வீட்டயும் பூட்டிப் போட முடியாது."

இரண்டு மறுப்பு. பழைய ஆன்டோவாக இருந்தால், சரி மாமா, யோசித்துச் சொல்லுங்கள் என்று பஸ் பிடித்திருப்பான். இந்த ஆன்டோ உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை. முதல் வேண்டாம் மரியாதைக்கு, இரண்டாவது வேண்டாம் மாப்பிள்ளை மனசாரத்தான் கூப்பிடுகிறாரா என்று பார்ப்பதற்கு என்று, அவன் பஸ் ஏறக் கிளம்பும்போதே ஷாலினி சொல்லி அனுப்பியிருந்தாள். மன்னிப்பு ஒன்று வேறு பாக்கி இருந்தது. அதையும் அவன் அந்த இல்லாத நண்பர் வழியாகவேதான் கொண்டுவர வேண்டும்.

"இன்னொன்னு மாமா. உங்க ஃப்ரெண்டுக்கு ஒரு ரூம் சொன்னேனே, அது வேணாம்னு சொல்லிடுங்க. தனியா இருக்கறவருக்கு அது லாயக்குப்படாது. அவுரு என்ன நெனச்சிக் கேட்டாருன்னு எனக்கு அப்ப வெளங்கல. அவுருகிட்ட என்ன மன்னிக்கச் சொல்லுங்க."

ஞானராஜ் ஜன்னல் பக்கம் பார்த்தார். மழை விட்டுவிட்டிருந்தது. "அவுரு தப்பா நெனைக்கிறவரு இல்ல மாப்ள" என்றார்.

ஆன்டோ எழுந்தான். வாசலில் வந்து செருப்பை மாட்டினான், வேண்டுமென்றே மெதுவாக. அவர் சமாச்சாரம் எல்லாம் அங்கேதான் வெளியே வரும் என்று இப்போது அவனுக்குத் தெரியும். பின்னாலேயே வந்த ஞானராஜ் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"காலையில வெந்நீரு எதுல போடறீங்க? கேஸா, ஹீட்டரா?"

"ஹீட்டர்தான் மாமா."

"அந்தப் பின்னாடி ரூமுக்குத் தனி லைன் இழுத்திருக்குதா?"

"இல்ல. நீங்கதான் வந்து பாக்கணும்."

"பிளக் பாயின்ட்டும் ஒண்ணு போடணும்" என்றார். சரி, வருகிறேன் என்று அவர் சொல்லவே இல்லை. ஆன்டோ கேட்டைத் தாண்டியதும் முதல் வேலையாக ஷாலினிக்குப் போன் போட்டு, "சரின்னுட்டாரு" என்றான்.

புதன்கிழமை, ஒரு பெட்டியும் சவரிமேரியின் போட்டோவுமாக வந்து சேர்ந்தார். பின்னறை வெள்ளையடித்துக் கொசுவலை போட்டுத் தயாராக இருந்தது. ஆனால் வந்தவர் விருந்தாளியாகவே இருந்தார். சாப்பாடு எப்படி இருக்கிறது என்றால் பிரமாதம். தூங்கினீர்களா என்றால் நன்றாகத் தூங்கினேன். தான் சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைத்தார். செய்தித்தாளை, "மாப்ள பாத்துட்டீங்களா, நான் எடுத்துக்கலாமா?" என்று கேட்டுத்தான் தொட்டார். ஆன்டோ தினமும் காலண்டரைப் பார்த்தான். ஒரு மாசம் என்றால் சரியாக ஒரு மாசத்தில் கிளம்பிவிடுவாரோ? ஃபாரத்தை அவர் கிழித்துப் போட்டதாகவும் தெரியவில்லை. ஷாலினியும் கேட்க முடியாமல் தவித்தாள்.

இரண்டாவது வாரம், ஒரு விடியற்காலை. ஆன்டோ வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டான். பின்னறைக் கதவு திறந்தது. ஞானராஜ் லுங்கியோடு, கழுத்தைத் தேய்த்துக்கொண்டு வந்து நின்றார். ஆன்டோ காத்திருந்தான். முதலில் மழை வரும், பிறகு அவன் அப்பாவின் முட்டி வரும், அதற்கப்புறம் ஏதாவது ஒரு நண்பர் வருவார்.

"ஆன்டோ, அந்தத் தலவாணி கல்லு மாதிரி இருக்குதுடா. கழுத்து புடிச்சிக்கிச்சி. சாயங்காலம் வரும்போது பஞ்சுத் தலவாணி ஒண்ணு வாங்கினு வா."

சொல்லிவிட்டுத் திரும்பி உள்ளே போய்விட்டார்.

ஆன்டோ வண்டியை அணைத்தான். ஹெல்மெட்டைக் கழற்றாமலே உள்ளே ஓடி, தூங்கிக்கொண்டிருந்த ஷாலினியின் தோளைப் பிடித்து உலுக்கினான்.

"என்ன, என்ன ஆச்சு?" என்று அவள் பதறி எழுந்தாள்.

"உங்கப்பா நம்ம வீட்டுக்கு வந்துட்டாருடி" என்றான்.